விளையாட்டுத் திரையில் எழுத்தும் நிறமும் தெரியாதபோது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

பார்வை மங்கிய உறவினர்களும் நண்பர்களும் "கேம் திரையில் ஒன்றுமே தெரியவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொடு" என்று அழைத்துப் பல முறை நான் போயிருக்கிறேன். போன இடங்களில் எல்லாம் நான் கண்ட பொதுவான ஒன்று, அவர்கள் முதலில் தொட்டது நிற வடிகட்டியைத்தான் என்பது. அமைப்புகளுக்குள் நுழைந்ததும் `Colorblind Mode` என்ற சொல் கண்ணில் படுகிறது, அதை இயக்கிப் பார்க்கிறார்கள், எதுவும் சரியாவதில்லை. பெரும்பாலான நேரங்களில் கோளாறு நிறத்தில் இருப்பதில்லை. எழுத்தின் அளவிலோ எழுத்துக்குப் பின்னால் இருக்கும் காட்சியிலோதான் இருக்கும். ஆகவே இந்த வழிமுறையில் அளவு முதலிலும், அடுத்து எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடான கான்ட்ராஸ்ட்டும், அதன் பின்னரே நிறமும் வருகின்றன. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம். எதுவென்று உறுதியில்லை என்றால் மேலிருந்து வரிசையாக வாருங்கள்.

தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். இப்போதுள்ள அமைப்புகளின் பக்கங்களை எல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, பனியோ வானமோ நிறைந்த வெளிச்சமான காட்சி ஒன்றும் இருட்டான குகையோ அறையோ ஒன்றும் வரும் இடங்களில் ஆட்டத்தைச் சேமித்து வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த இரண்டு காட்சிகளிலும் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

## அறிகுறி 1: எழுத்து தெரியவில்லை, திரைக்கு அருகில் போனால் படிக்க முடிகிறது

அருகில் போனால் படிக்க முடிகிறது என்றால் அது அளவுக் கோளாறு. நிற வடிகட்டியால் இதற்குப் பயன் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சப்டைட்டில் அளவு. `Subtitle Size` என்பது பல விளையாட்டுகளில் ஒலிப் பிரிவுக்குள் ஒளிந்திருக்கும். அணுகல்தன்மைப் பிரிவில் காணவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். அதைக் கூட்டினால் வசன வரிகள் மட்டுமே பெரிதாகும். மெனு, பணிக்குறிப்பு, பொருள்பட்டியல் ஆகியவற்றின் எழுத்துகளுக்கு `UI Scale`, `HUD Scale` அல்லது `Text Size` என்று தனி அமைப்பு இருக்கும். சப்டைட்டிலைப் பெரிதாக்கியும் கடிதங்களையும் குறிப்புகளையும் படிக்க முடியவில்லை என்ற புகார், பெரும்பாலும் இந்த இரண்டாவது அமைப்பைத் தொடாததால் வருவது.

இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோன பிறகும் போதவில்லை என்றால் அளந்து பாருங்கள். திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து, படம் பார்க்கும் செயலியில் திறந்து, `h` போன்ற எழுத்தின் உச்சியிலிருந்து `g` போன்ற எழுத்தின் அடிவரை எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள எக்ஸ்பாக்ஸ் அணுகல்தன்மை வழிகாட்டி, 1080p திரையில் கன்சோலுக்குக் குறைந்தது 26 பிக்சலும் கணினிக்கு 18 பிக்சலும் வேண்டும் என்கிறது. 4கே திரையில் இவை இரட்டிப்பாகும். உங்கள் எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருந்தால் குற்றம் உங்கள் கண்ணில் இல்லை, விளையாட்டில் இருக்கிறது. அந்த நிலையில் கணினியில் ஒரு வழி உண்டு. சில விளையாட்டுகள் எழுத்தைப் பிக்சல் கணக்கில் வரைவதால், 4கே ரெசல்யூஷனில் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிடும். வெளியீட்டு ரெசல்யூஷனை 1080p-க்கு இறக்கினால் அதே எழுத்து இரு மடங்காகத் தெரியும். காட்சியின் நுணுக்கம் சற்றுக் குறையும் என்றாலும், படிக்க முடிவதற்காக அதை விட்டுக்கொடுக்கலாம். `Render Scale` என்பதைக் குறைப்பதால் இந்தப் பயன் கிடைக்காது. அது எழுத்தைப் பெரிதாக்காமல் காட்சியை மட்டும் மங்கலாக்கும்.

எண்ணிக்கை போதுமான அளவு இருந்தும் படிக்க முடியவில்லை என்றால் தூரத்தைப் பாருங்கள். என் பெரியப்பாவுக்குக் கதை சொல்லும் விளையாட்டுகளில் மிகுந்த விருப்பம், கண்புரை தொடங்கியிருந்தது. 55 அங்குலத் தொலைக்காட்சிக்கு மூன்று மீட்டர் தள்ளிச் சோபாவில் அமர்ந்து விளையாடுவார். சப்டைட்டில் `Large` நிலையில் இருந்தது. அளந்தபோது 1080p-இல் 30 பிக்சல் வந்தது. அந்தத் தொலைக்காட்சியின் உயரம் ஏறத்தாழ 68.5 செ.மீ.; அதை 1080-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.63 மி.மீ., ஆக எழுத்தின் உயரம் 19 மி.மீ. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் 24 அங்குல மானிட்டரில் 18 பிக்சல் எழுத்து வெறும் 5 மி.மீ. இருந்தாலும், 60 செ.மீ. தூரத்தில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது பெரியப்பா கண்ட எழுத்தைவிடப் பெரிது. உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் மானிட்டருக்கு 0.0083, தொலைக்காட்சிக்கு 0.0063. பெரிய தொலைக்காட்சி வாங்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாற்காலியை 1.6 மீட்டர் தூரத்தில் போட்டேன். எழுத்து ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதே பலனை மூன்று மீட்டர் தூரத்திலேயே பெற வேண்டுமானால் நூறு அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சி தேவைப்பட்டிருக்கும்.

நாற்காலியை நகர்த்த இடமில்லாதவர்களுக்கு உருப்பெருக்கி இருக்கிறது. விண்டோஸில் விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் `Magnifier` திறக்கும். விண்டோஸ் விசையும் `Esc` விசையும் அதை மூடும். விளையாட்டு முழுத்திரையைத் தனதாக்கிக்கொண்டிருந்தால் உருப்பெருக்கி அதன் மேல் வேலை செய்யாமல் போகலாம். காட்சி அமைப்பில் `Fullscreen` என்பதை `Borderless` என்று மாற்றிப் பாருங்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் முறைமை அமைப்புகளில் `Zoom` என்பதை இயக்கிய பின் `HOME` பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸிலும் அணுகல்தன்மைப் பிரிவில் இத்தகைய வசதி உண்டு. கடிதம் படிப்பதற்கும் பட்டியல் பார்ப்பதற்கும் உருப்பெருக்கி நன்றாக உதவும். ஓடிக்கொண்டே விளையாடும்போது உதவாது, ஏனெனில் திரையின் ஒரு பகுதியை மட்டுமே அது காட்டும்.

இவை எதுவும் போதவில்லை என்றால் கண்ணாடிக்கு வர வேண்டும். படிப்பதற்கான கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தூரத்துக்கும், தூரப்பார்வைக் கண்ணாடி 6 மீட்டர் அளவிலான தூரத்துக்கும் சோதித்துத் தரப்படுவது. மானிட்டர் 60 அல்லது 70 செ.மீ.-இலும் தொலைக்காட்சி ஒன்றரை மீட்டரிலும் இருக்கும்போது, நடுத்தர வயதைக் கடந்த பலருக்கு இரண்டு கண்ணாடியும் பொருந்துவதில்லை. நீங்கள் அமரும் தூரத்தை நாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கே சோதிக்கச் சொல்லுங்கள். பலரும் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. சொன்னால் மட்டுமே அவர்களால் அதற்கு ஏற்பச் சோதிக்க முடியும்.

## அறிகுறி 2: எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் சில காட்சிகளில் காணாமல் போகிறது

குகைக்குள் படிக்க முடிந்த வசனம் பனிமலையில் மறைகிறது என்றால் இது கான்ட்ராஸ்ட் கோளாறு. நாற்காலியை நகர்த்திய மறுவாரம் பெரியப்பா சொன்ன குறையும் இதுவே.

சப்டைட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடும் அமைப்பைத் தேடுங்கள். `Subtitle Background` என்ற பெயரில் இருக்கும். அதை இயக்குவதோடு நின்றுவிடாமல் அதன் அடர்த்தியையும் பாருங்கள், ஏனெனில் பல விளையாட்டுகளில் அது பாதி அடர்த்தியில்தான் தொடங்கும். வெள்ளை எழுத்து, பனி போன்ற வெளிர்சாம்பல் பின்னணியில் பட்டையே இல்லாமல் இருந்தால் கான்ட்ராஸ்ட் விகிதம் 1.25:1 அளவில்தான் இருக்கும். நல்ல பார்வை உள்ளவரும் தடுமாறுவார். 50 சதவீதக் கறுப்புப் பட்டை அதை ஏறத்தாழ 4.7:1 ஆக்கும். சாதாரண எழுத்துக்கு வேண்டிய குறைந்தபட்சமாகக் கொள்ளப்படும் 4.5:1-ஐ இது ஒட்டித்தான் கடக்கிறது. அடர்த்தியை 80 சதவீதமாக்கினால் விகிதம் 13-க்கு மேல் போகும். பட்டை காட்சியை மறைக்கிறதே என்று தயங்கிய பெரியப்பா, 80 சதவீதத்தில் ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு அதைக் குறைக்கச் சொல்லவே இல்லை. பட்டை அமைப்பே இல்லாத விளையாட்டில் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை போடும் அமைப்பு இருந்தால் அது பாதி வேலையைச் செய்யும்.

அடுத்து, பேசுபவரின் பெயர் நிறம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறம் தரும் விளையாட்டுகளில் பெயர் மட்டும் தெரியாமல் போவது உண்டு. கறுப்பின் மேல் தூய மஞ்சள் எழுத்துக்கு விகிதம் 19-க்கு மேல். தூய சிவப்புக்கு 5.25, தூய நீலத்துக்கு 2.4 மட்டுமே. ஆகவே பெயர் நிறத்தை அணைத்துவிடுங்கள், அல்லது எல்லாவற்றையும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஆக்குங்கள். சிவப்பை உணரும் திறன் குறைந்த நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பு நிறமே இருட்டாகத் தெரியும் என்பதால், கறுப்புப் பட்டையின் மேல் சிவப்புப் பெயர் அவர்களுக்கு ஏறக்குறைய இல்லாதது போலத்தான்.

விளையாட்டின் அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் முழுத்திரையே வெளுத்துப்போய் இருந்தால் காரணம் திரைக்கும், கன்சோல் அல்லது கணினி ஆகிய கருவிக்கும் இடையில் இருக்கிறது. முதலில் வெளிச்ச வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் அமைப்பை அணைத்துவிட்டு அதே இரு காட்சிகளையும் பாருங்கள். சரியாகிவிட்டால், எச்டிஆர் அளவீட்டுப் பக்கத்தை மீண்டும் செய்யுங்கள், அல்லது அணைத்தபடியே விட்டுவிடுங்கள். பிறகு கறுப்பிலிருந்து வெள்ளைவரை எந்த அளவில் அனுப்புவது என்பதைச் சொல்லும் ஆர்ஜிபி வீச்சைக் கருவியில் பாருங்கள். கருவி `Limited` என்று அனுப்ப, திரை `Full` என்று எதிர்பார்த்தால் கறுப்பு எல்லாம் சாம்பலாகும். இதற்கு மாறாக இருந்தால் இருட்டில் இருப்பது எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே சொல் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் `Auto` ஆக இருக்க வேண்டும். இதற்குப் பின்னும் வேறு கருவியை இணைத்துப் பார்க்கையில் அதே வெளுப்பு தெரிந்தால், தொலைக்காட்சிப் பழுது பார்ப்பவரை அழைக்கும் நேரம் அது.

## அறிகுறி 3: இரண்டு நிறங்கள் ஒன்றாகத் தெரிகின்றன

நண்பன் யார், எதிரி யார் என்று வரைபடத்தில் பிரிக்க முடியவில்லை. எழுத்து எல்லாம் நன்றாகவே தெரிகிறது. இப்போதுதான் நிறப் பிரிவுக்குள் நுழைய வேண்டும். அங்கும் வடிகட்டி முதலாவது அல்ல.

நிறத்தைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிரியின் குறி நிறம், அணியின் நிறம், இலக்குப்புள்ளியின் நிறம் ஆகியவற்றைத் தனியே மாற்ற முடிந்தால் அதுவே சிறந்த தீர்வு. முழுக்காட்சியும் அப்படியே இருக்க, வேண்டிய குறி மட்டும் மாறும். சிவப்பு-பச்சைக் குழப்பம் உள்ளவர்கள் நீலத்தையும் மஞ்சளையும் எதிரெதிராக வைத்தால் பெரும்பாலும் போதும். குறிகளின் வடிவத்தை மாற்றும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

தனித்தேர்வு இல்லாதபோதுதான் வடிகட்டி. `Deuteranopia` என்பது பச்சை உணர்வுக் குறைக்கும், `Protanopia` என்பது சிவப்பு உணர்வுக் குறைக்கும், `Tritanopia` என்பது நீலம்-மஞ்சள் குழப்பத்துக்கும் உரியவை. எது தனக்கு உரியது என்று தெரியாதவர்கள் பச்சையிலிருந்து தொடங்கலாம், அதுவே மிகப் பரவலானது. வலிமையைப் பாதியில் வைத்து, குழப்பம் வந்த அதே வரைபடத்தைத் திறந்து, இரு குறிகளும் பிரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். காட்சி அழகாக இருக்கிறதா என்பது இங்கே சோதனை அல்ல.

### வடிகட்டி போட்டும் எந்த மாற்றமும் இல்லை

சில விளையாட்டுகளில் வடிகட்டி வரைபடத்தையும் குறிகளையும் மட்டும் மாற்றும். மற்றவற்றில் காட்சியை மாற்றிவிட்டுக் குறிகளை விட்டுவிடும். எனவே மெனுவில் இருந்தபடி பார்க்காமல், குழப்பம் வந்த இடத்திலேயே பாருங்கள். அங்கும் மாறவில்லை என்றால் கருவியின் வடிகட்டியை இயக்குங்கள். விண்டோஸ் 11-இல் அது இங்கே இருக்கிறது:

```
Settings > Accessibility > Color filters
```

அதே பக்கத்தில் உள்ள விசைக்குறுக்குவழியையும் இயக்கிவிட்டால் விண்டோஸ், `Ctrl`, `C` ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி ஆட்டத்தின் நடுவிலேயே போட்டும் எடுத்தும் ஒப்பிடலாம்.

### வடிகட்டி போட்ட பிறகு இன்னும் மோசமாகிவிட்டது

இதற்கு எளிய காரணம், விளையாட்டின் வடிகட்டியும் கருவியின் வடிகட்டியும் ஒரே நேரத்தில் இயங்குவது. சிவப்பு உணர்வுக் குறை உள்ள என் அக்கா மகன் இப்படித்தான் ஒரு வாரம் அவதிப்பட்டான். எல்லாப் பச்சையும் விசித்திரமான நீலமாகிவிட்டன என்று சொன்னான். எப்போதோ இயக்கிய விண்டோஸ் வடிகட்டியை அவன் மறந்துவிட்டிருந்தான். இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. திரைப்பிடிப்பு எடுத்து, நிறப்பார்வை சரியாக உள்ள ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்பி, அவரை உங்கள் திரையையும் அந்தப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டின் வடிகட்டி படத்தில் பதிவாகும். விண்டோஸின் வடிகட்டி திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் சேர்வதால் பொதுவாகப் படத்தில் பதிவாகாது. திரையும் படமும் பெரிதும் வேறுபட்டால் இரண்டாவது வடிகட்டி ஒன்று எங்கோ இயங்குகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டினுடையது நன்றாக வேலை செய்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வடிகட்டி இருந்தும் மோசமாகிறது என்றால், அந்த விளையாட்டு தலைகீழாகச் செய்திருக்கலாம். நிறக்குறைபாடு உள்ளவருக்கு உதவும்படி நிறங்களைப் பிரிப்பதற்குப் பதிலாக, அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைக் காட்டும் பாவனையை வடிகட்டி என்ற பெயரில் வைத்த விளையாட்டுகள் உண்டு. இதையும் நிறப்பார்வை சரியாக உள்ளவர்தான் சொல்ல முடியும். வடிகட்டியை இயக்கியதும் சிவப்பும் பச்சையும் அவருக்கே ஒன்றுபோல் பழுப்பாகத் தெரிந்தால் அது பாவனை. அவருக்கு இரண்டும் முன்னைவிட விலகித் தெரிந்தால் அது திருத்தம். பாவனை என்றால் அதை அணைத்துவிட்டு, கருவியின் வடிகட்டியை மட்டும் பயன்படுத்துங்கள். தயாரிப்பாளர்களுக்கு இதை எழுதித் தெரிவிப்பதும் நல்லது. "உதவவில்லை" என்று எழுதாமல், இந்தச் சோதனையின் முடிவையும் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

## அறிகுறி 4: எழுத்தும் நிறமும் சரி, ஆட்களையும் பொருள்களையும் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை

முதலில் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவற்றை நீக்குங்கள்: `Motion Blur`, `Film Grain`, `Depth of Field`, `Chromatic Aberration`, `Bloom`. கண்புரை உள்ளவருக்கு வெளிச்சம் ஏற்கெனவே சிதறித் தெரியும். அதன் மேல் `Bloom` இன்னொரு சிதறலைச் சேர்க்கிறது.

அடுத்து வெளிச்ச அளவீடு. "இந்தச் சின்னம் மங்கலாகத் தெரியும்வரை நகர்த்துங்கள்" என்ற குறிப்பு சராசரிப் பார்வையை வைத்து எழுதப்பட்டது. அதைப் பொருட்படுத்தாமல், இருட்டுக் காட்சியில் சுவருக்கும் தரைக்கும் இடையிலான கோடு உங்களுக்குத் தெரியும்வரை கூட்டுங்கள். வெளிச்சக் காட்சியில் கண் கூசத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள்.

இவற்றுக்குப் பிறகே உயர் கான்ட்ராஸ்ட் முறையைத் தேடுங்கள். 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 விளையாட்டில் இது முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது; பின்னணி எல்லாம் சாம்பலாக அடங்கி, கூட்டாளிகள், எதிரிகள், எடுக்கத்தக்க பொருள்கள் ஒவ்வொன்றும் தனி நிறத்தில் நிரம்பித் தெரியும். கான்ட்ராஸ்ட் என்ற சொல் ஒன்றாக இருப்பதால் இதைத் தொலைக்காட்சியின் கான்ட்ராஸ்ட் அமைப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொலைக்காட்சியினுடையதை உச்சத்துக்குக் கொண்டுபோனால் வெளிச்சப் பகுதிகளில் உள்ள விவரங்கள் அழிந்துபோகும். எதிரி எங்கே இருக்கிறான் என்பது அப்போதும் தெரியாது. இந்த முறை இல்லாத விளையாட்டில், எதிரிக்குக் கரைக்கோடு போடும் அமைப்பு இருந்தால் அதுவே அடுத்த சிறந்தது. அதுவும் இல்லையென்றால் வெளியிலிருந்து செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்த விளையாட்டை வாங்குமுன் அணுகல்தன்மைப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

## அறிகுறி 5: போன வாரம்வரை தெரிந்தது, இப்போது தெரியவில்லை

விளையாட்டின் புதுப்பிப்பு அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோயிருக்கலாம். முதலில் எடுத்து வைத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் திரும்பப் போட்டுவிடலாம்.

அமைப்புகள் எதுவும் மாறவில்லை என்றால், ஆட்டத்தை நிறுத்திய நிலையில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, கண்ணை அசைக்கையில் வலித்தாலோ, மெனுப் பெட்டியின் நேர்கோடுகள் நெளிந்து தெரிந்தாலோ இனி எந்த அமைப்பையும் தொடாமல் தாமதிக்காது கண் மருத்துவரிடம் போங்கள். மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள், திடீரென்று பெருகும் கரும்புள்ளிகள், பக்கத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். விழித்திரை விலகும்போது அப்படித்தான் தெரியும். காசநோய்க்கு எத்தாம்பூட்டால் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் புதிதாகக் குழம்பத் தொடங்கினால், அது அந்த மருந்து பார்வை நரம்பைப் பாதிப்பதன் முதல் அடையாளமாக இருக்கலாம். அவர்கள் வடிகட்டியைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்காமல், மருந்தைத் தாமாக நிறுத்தவும் செய்யாமல், மருந்து கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.